காம்பாக்டிங் தலையில் விழும் சாயக்கழிவுச் செலவு

திருப்பூரில் ஜாப் ஒர்க் கூலி பேசும் இடத்தில் ஐம்பது காசு பெரிய தொகை. ஒரு கிலோ துணிக்கு ஐம்பது காசு என்றால் மாதம் 50 டன்னுக்கு 25,000 ரூபாய். ஆகவே, காம்பாக்டிங்குக்கு வெளியிலிருந்து துணி அனுப்பும் ஒரு பார்ட்டி "கிலோவுக்குப் பத்தேகால் ரூபாய்தான் கட்டுப்படியாகும்" என்று சொன்னால், ஆலைக்காரர் உடனே தலையாட்ட மாட்டார். கணக்கரைக் கூப்பிட்டு, நமக்கு அடக்கம் என்ன ஆகிறது என்று கேட்பார்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அதே ஆலை, அதே மாதம், அதே செலவு. ஒரு முறையில் கணக்குப் போட்டால் அடக்கம் 10 ரூபாய் 76 காசு, வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றும். இன்னொரு முறையில் போட்டால் 9 ரூபாய் 76 காசு, தாராளமாக எடுக்கலாம். நடுவில் நிற்கிற அந்த ஒரு ரூபாயை யாரும் திருடவில்லை, யாரும் தப்பாகக் கூட்டவும் இல்லை. பாய்லர், கழிவுநீர் சுத்திகரிப்பு, மெயின்டனன்ஸ் ஆகிய மூன்று துணைப் பிரிவுகளின் செலவை உற்பத்திப் பிரிவுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் விதத்தில்தான் அது இடம் மாறுகிறது.

துணைப் பிரிவுகள் எதையும் விற்பதில்லை. பாய்லரிலிருந்து வெளியே பில் போவதில்லை, பிட்டர்களின் வேலைக்கு வாடிக்கையாளர் யாரும் தனியாகப் பணம் கொடுப்பதில்லை. ஆனால் விறகும் சம்பளமும் ரசாயனமும் மாதாமாதம் செலவாகின்றன. அந்தப் பணம் கடைசியில் சாயமிட்ட துணியின் விலையிலோ காம்பாக்டிங் கூலியிலோ வந்து சேர்ந்தாக வேண்டும். எந்த அளவில் எதில் சேர்ப்பது என்பதற்குக் கணக்கியலில் உள்ள எளிய வழி நேரடி முறை. அதற்கு அடுத்தது ஸ்டெப்-டவுன் எனப்படும் படிமுறை. இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதைப் பார்க்கச் சாய ஆலையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். அங்கே துணைப் பிரிவுகள் தங்களுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று பெரிய அளவில் சேவை செய்துகொள்கின்றன.

அதற்குக் காரணம் நொய்யல் ஆறு. சாயக்கழிவு ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் தண்ணீரும் நிலமும் கெட்டதைத் தொடர்ந்து நடந்த வழக்குகளின் முடிவில், 2011 ஜனவரியில் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத ஏற்பாடு இருந்தால்தான் மறுபடி இயங்கலாம் என்ற நிலை வந்தது. அன்றிலிருந்து சுத்திகரிப்பு என்பது தொட்டியில் தேக்கித் தெளியவைக்கும் வேலையோடு நிற்பதில்லை. கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வுகள் வழியாகச் செலுத்திப் பெரும்பகுதியை நல்ல தண்ணீராக மீட்கிறார்கள். சவ்வு தள்ளிவிடும் உப்புநீரை, 'ரிஜெக்ட்' என்று ஆலையில் சொல்வதை, இவாப்பரேட்டரில் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். காய்ச்ச நீராவி வேண்டும். நீராவி பாய்லரிலிருந்து வருகிறது. ஆக, பாய்லரில் எரியும் விறகில் ஒரு பங்கு எந்தத் துணியையும் நேராகத் தொடாமல் கழிவுநீரை வற்றவைக்கப் போகிறது. அந்த விறகுக்கு யார் பணம் கொடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஒரு மாதிரி ஆலையை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்தவை. எந்த ஆலையின் ஏட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. ஆலையில் உற்பத்திப் பிரிவுகள் இரண்டு. சாயப் பிரிவு மாதம் 200 டன் துணிக்குச் சாயமிடுகிறது. பினிஷிங் பிரிவு அந்த 200 டன்னோடு வெளியார் துணி 50 டன்னும் சேர்த்து 250 டன்னை உலர்த்திக் காம்பாக்டிங் செய்கிறது. துணைப் பிரிவுகளில் மெயின்டனன்ஸுக்கு மாதம் 6 லட்சம், பாய்லருக்கு 24 லட்சம், சுத்திகரிப்பு நிலையத்துக்கு 30 லட்சம் ரூபாய் செலவு. மொத்தம் 60 லட்சம். எந்த முறையில் பிரித்தாலும் இந்த 60 லட்சம் கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை.

யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு மூன்று அளவுகோல்கள். மெயின்டனன்ஸுக்கு வேலை நேரம், பாய்லருக்கு நீராவி டன், சுத்திகரிப்புக்குக் கழிவுநீர் கிலோ லிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர்.

| பயன்படுத்துவோர் | மெயின்டனன்ஸ் (மணி) | நீராவி (டன்) | கழிவுநீர் (கிலோ லிட்டர்) |
|---|---|---|---|
| பாய்லர் | 200 | – | 500 |
| சுத்திகரிப்பு | 300 | 500 | – |
| சாயம் | 300 | 1,000 | 11,400 |
| பினிஷிங் | 200 | 500 | 600 |
| மொத்தம் | 1,000 | 2,000 | 12,500 |

நேரடி முறைக்கு இந்த அட்டவணையின் கீழ்ப்பகுதி மட்டும் போதும். துணைப் பிரிவுகள் தமக்குள் கொடுத்து வாங்கியதை அது முழுவதுமாக ஒதுக்கிவிடுகிறது. ஒவ்வொரு துணைப் பிரிவின் செலவையும் சாயம், பினிஷிங் இரண்டுக்கும் மட்டுமே பிரிக்கிறது.

மெயின்டனன்ஸ் இந்த இரண்டு பிரிவுகளுக்கும் செய்த வேலை 300 மணியும் 200 மணியும். 6 லட்சத்தை அந்த விகிதத்தில் பிரித்தால் சாயத்துக்கு 3,60,000, பினிஷிங்குக்கு 2,40,000. பாய்லர் செலவு 24 லட்சம், ஆயிரத்துக்கு ஐந்நூறு என்ற விகிதத்தில் 16 லட்சமும் 8 லட்சமும் ஆகிறது. சுத்திகரிப்புச் செலவு 30 லட்சத்தில் சாயத்துக்கு 28,50,000, பினிஷிங்குக்கு 1,50,000. கூட்டிப் பார்த்தால் சாயப் பிரிவின் தலையில் 48,10,000. பினிஷிங் தலையில் 11,90,000. மொத்தம் சரியாக 60 லட்சம். ஒரு காகிதத்தில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை. எந்தத் துணைப் பிரிவை முதலில் எடுத்தாலும் விடை மாறாது. இந்த எளிமையால்தான் பல ஆலைகளில் நேரடி முறை நிலைத்திருக்கிறது.

இப்போது அந்த 8 லட்சத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பினிஷிங் எடுத்த நீராவி 500 டன். 8 லட்சத்தை 500 ஆல் வகுத்தால் டன் 1,600 ரூபாய். ஆனால் பாய்லர் உற்பத்தி செய்தது 2,000 டன், செலவு 24 லட்சம்; பாய்லர் வாசலில் ஒரு டன் நீராவியின் விலை 1,200 ரூபாய்தான். பினிஷிங் பிரிவு தான் எடுத்த ஒவ்வொரு டன்னுக்கும் 400 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறது. அந்த 400 ரூபாய், இவாப்பரேட்டருக்குப் போன 500 டன் நீராவியின் விலையில் ஒரு பங்கு. இவாப்பரேட்டருக்கு வந்த உப்புநீரோ பெரும்பாலும் சாயப் பிரிவிலிருந்து வந்தது. காம்பாக்டிங்கில் துணிக்கு நீராவி காட்டிச் சுருக்கத்தைச் சரிசெய்கிறார்கள், கழிவுநீர் அங்கே அபூர்வம். உலர் வேலை செய்யும் பிரிவு, ஈர வேலை செய்யும் பிரிவின் கழிவைக் காய்ச்சப் பணம் கட்டுகிறது.

நேரடி முறையின் பிழையைக் கண்டுபிடிக்க இதுவே கைக்கு எட்டிய வழி. முறையின் பெயரெல்லாம் தெரிய வேண்டியதில்லை. பகிர்வுக்குப் பின் ஒரு பிரிவு ஒரு டன்னுக்கு எவ்வளவு கட்டுகிறது, துணைப் பிரிவின் வாசலில் ஒரு டன்னுக்கு எவ்வளவு ஆகிறது என்ற இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். இடைவெளி பெரிதாக இருந்தால், துணைப் பிரிவுகளுக்குள் ஓடும் சேவை பெரிது என்று பொருள். மெயின்டனன்ஸில் அது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. ஆயிரம் மணி நேரத்துக்கு 6 லட்சம் என்றால் மணிக்கு 600. நேரடி முறையில் பினிஷிங் கட்டுவது மணிக்கு 1,200, அதாவது சரியாக இரட்டிப்பு. பிட்டர்களின் நேரத்தில் பாதி பாய்லரிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் கழிகிறது என்ற உண்மை ஏட்டில் எங்கும் இல்லை.

படிமுறை இந்த உள் ஓட்டத்தில் ஒரு பகுதியைக் கணக்கில் கொண்டுவருகிறது. துணைப் பிரிவுகளை ஒரு வரிசையில் நிறுத்துகிறார்கள். முதலில் நிற்பதன் செலவை, மற்றத் துணைப் பிரிவுகள் உட்படப் பயன்படுத்திய எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு அதை மூடிவிடுகிறார்கள். அடுத்தது, தன் சொந்தச் செலவோடு மேலேயிருந்து வந்த பங்கையும் சேர்த்துக்கொண்டு, தனக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பிரிக்கிறது. மூடிய பிரிவுக்கு எதுவும் திரும்பப் போகக் கூடாது என்பது விதி.

நம் ஆலையில் மெயின்டனன்ஸ் முதலில். அது பாய்லருக்கும் சுத்திகரிப்புக்கும் வேலை செய்கிறது. அவற்றிடமிருந்து எதுவும் வாங்குவதில்லை. மணிக்கு 600 ரூபாய் வீதம் பாய்லருக்கு 1,20,000, சுத்திகரிப்புக்கு 1,80,000, சாயத்துக்கு 1,80,000, பினிஷிங்குக்கு 1,20,000 போகிறது.

அடுத்து பாய்லர். அதன் செலவு இப்போது 25,20,000. மெயின்டனன்ஸ் மூடியாயிற்று; நீராவி 2,000 டன்னும் சுத்திகரிப்பு, சாயம், பினிஷிங் மூன்றுக்கும்தான் போயிருக்கிறது. டன்னுக்கு 1,260 ரூபாய். சுத்திகரிப்புக்கு 6,30,000, சாயத்துக்கு 12,60,000, பினிஷிங்குக்கு 6,30,000.

கடைசியில் சுத்திகரிப்பு. சொந்தச் செலவு 30 லட்சத்தோடு பிட்டர்களின் 1,80,000, நீராவியின் 6,30,000 சேர்ந்து 38,10,000 ஆகிறது. மேலே உள்ளவை மூடப்பட்டதால் பாய்லரிலிருந்து வந்த 500 கிலோ லிட்டரை விட்டுவிட்டு, 12,000 கிலோ லிட்டருக்கு மட்டும் பிரிக்க வேண்டும். ஒரு கிலோ லிட்டருக்கு 317 ரூபாய் 50 காசு. சாயத்துக்கு 36,19,500, பினிஷிங்குக்கு 1,90,500.

கூட்டினால் சாயப் பிரிவுக்கு 50,59,500, பினிஷிங்குக்கு 9,40,500. நேரடி முறையோடு ஒப்பிட்டால் 2,49,500 ரூபாய் பினிஷிங்கிலிருந்து சாயத்துக்கு நகர்ந்திருக்கிறது. 250 டன்னுக்குப் பிரித்துப் பார்த்தால் பினிஷிங்கின் பங்கு கிலோவுக்கு 4 ரூபாய் 76 காசிலிருந்து 3 ரூபாய் 76 காசாக இறங்குகிறது. சாயப் பிரிவின் பங்கோ 24 ரூபாய் 5 காசிலிருந்து 25 ரூபாய் 30 காசாக ஏறுகிறது. பினிஷிங்கின் சொந்தச் செலவு, அதாவது அந்தப் பிரிவின் கூலி, மெஷின் தேய்மானம், மின்சாரம் எல்லாம் கிலோவுக்கு 6 ரூபாய் என்று வைத்தால், முதலில் பார்த்த 10.76, 9.76 என்ற இரண்டு அடக்கங்களும் கிடைத்துவிடுகின்றன. பத்தேகால் ரூபாய் இரண்டுக்கும் நட்டநடுவில் விழுகிறது.

காம்பாக்டிங் வேலை கைவிட்டுப் போவது ஒரு பக்க நஷ்டம். மறுபக்க நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது, அதனால் நீண்ட நாள் ஓடும். சாயத்துக்கு மட்டும் துணி கொடுக்கும் பார்ட்டிக்கு இந்த ஆலை கிலோவுக்கு 1 ரூபாய் 25 காசு குறைத்து அடக்கம் சொல்லிக்கொண்டிருக்கும். சந்தையில் இதன் சாயக் கூலி மலிவாகத் தெரியும், ஆர்டர் குவியும், மெஷின்கள் நிற்காமல் ஓடும். கழிவுநீர் கூடும், இவாப்பரேட்டர் கூடுதல் நேரம் ஓடும், விறகு லாரி அடிக்கடி வரும். வருட முடிவில் லாபம் மட்டும் எதிர்பார்த்த இடத்தில் இருக்காது. எந்தப் பிரிவில் ஓட்டை என்று தேடினால், பினிஷிங் நஷ்டத்தில் நடப்பதாக ஏடு விரலை நீட்டும். ஏடு சுட்டும் இடத்திலேயே செலவைக் குறைக்கப் போனால் தவறான பிரிவில்தான் ஆளைக் குறைப்பார்கள்.

படிமுறை சொன்னதை அப்படியே நம்பிவிடலாமா என்றால், அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. அது வரிசை. மேலே மெயின்டனன்ஸ், பாய்லர், சுத்திகரிப்பு என்று இறங்கினோம். அதையே மெயின்டனன்ஸ், சுத்திகரிப்பு, பாய்லர் என்று மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? சுத்திகரிப்பு தன் செலவைப் பாய்லரின் 500 கிலோ லிட்டருக்கும் சேர்த்துப் பிரித்துவிட்டு மூடிக்கொள்ளும். அதன்பின் பாய்லரின் முறை வரும்போது, இவாப்பரேட்டருக்குப் போன 500 டன் நீராவியை யார் கணக்கிலும் எழுத முடியாது, ஏனெனில் அந்தக் கதவு மூடியாயிற்று. பாய்லர் செலவு முழுவதும் மறுபடி சாயம், பினிஷிங் இரண்டுக்கும் மட்டும் போகும். பினிஷிங்கின் பங்கு 11,55,040 ரூபாயாக ஏறிவிடும். கிலோவுக்கு 4 ரூபாய் 62 காசு. நேரடி முறையின் 4 ரூபாய் 76 காசுக்குப் பக்கத்திலேயே போய் நிற்கிறோம். உழைப்பு மட்டும் மிச்சமில்லை.

பாடநூல்கள் வரிசைக்குச் சில வழிகளைச் சொல்கின்றன. அதிகத் துணைப் பிரிவுகளுக்குச் சேவை செய்வதை முதலில் வை என்பது ஒன்று. செலவு பெரிதாக உள்ளதை முதலில் வை என்பது இன்னொன்று. இரண்டாவதை நம் ஆலையில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் 30 லட்சம் செலவுள்ள சுத்திகரிப்புதான் முதலில் வரும். அது தவறான வரிசை. நம்பத் தகுந்த வழி, ஒவ்வொரு ஜோடித் துணைப் பிரிவுக்குமிடையே இரு திசையிலும் எவ்வளவு ரூபாய் ஓடுகிறது என்று பார்ப்பது. பாய்லர் சுத்திகரிப்புக்குக் கொடுப்பது தன் சேவையில் கால் பங்கு, 6 லட்சம் ரூபாய். சுத்திகரிப்பு பாய்லருக்குச் செய்வது, பாய்லரிலிருந்து அவ்வப்போது வெளியேற்றும் உப்பேறிய தண்ணீரையும் மென்னீராக்கியைக் கழுவிய தண்ணீரையும் வாங்கிக்கொள்வது. அது தன் சேவையில் நூற்றுக்கு நான்கு, 1,20,000 ரூபாய். பெரிய ஓட்டத்தை வைத்துக்கொண்டு சிறியதை விட வேண்டும். ஆகவே பாய்லர் முன்னே, சுத்திகரிப்பு பின்னே.

அந்தச் சிறிய ஓட்டத்தை விட்டதால் எவ்வளவு தப்பு வந்தது என்றும் பார்த்துவிடலாம். இரு திசை ஓட்டத்தையும் ஒரே நேரத்தில் கணக்கில் எடுக்கும் பரிமாற்ற முறை ஒன்று இருக்கிறது. பள்ளியில் படித்த ஒருங்கமைச் சமன்பாடுதான். இந்த மாதிரிக்கு அதைப் போட்டால் பினிஷிங்கின் பங்கு ஏறத்தாழ 9,73,200 ரூபாய் வருகிறது, கிலோவுக்கு 3 ரூபாய் 89 காசு. சரியான வரிசையிலுள்ள படிமுறை அதிலிருந்து 13 காசு விலகி நிற்கிறது. நேரடி முறை 87 காசு விலகி நிற்கிறது. எக்செல் உள்ள அலுவலகத்தில் பரிமாற்ற முறையையே போட்டுவிடலாமே என்று கேட்பது நியாயம். போடலாம்தான். ஆனால் கூலி பேச வந்தவரிடமோ பிரிவு மாஸ்டரிடமோ ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்ட முடிகிற கணக்கு படிமுறைதான். அமெரிக்காவின் மெடிகேர் திட்டத்துக்கு மருத்துவமனைகள் கொடுக்கும் செலவு அறிக்கையிலும் சலவை, சமையல், நிர்வாகம் போன்ற பொதுச் செலவுகளை இன்னமும் படிமுறையில்தான் இறக்குகிறார்கள்.

எல்லா ஆலைக்கும் நேரடி முறை தவறு என்று சொல்லிவிடவும் முடியாது. துணைப் பிரிவுகள் ஒன்றுக்கொன்று பெரிதாக எதையும் கொடுக்காத இடத்தில் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் தரும். உற்பத்திப் பிரிவுகள் இரண்டும் எல்லாத் துணைப் பிரிவுகளையும் ஒரே விகிதத்தில் பயன்படுத்தினாலும் அப்படியே. கேன்டீன், காவல், ஸ்டோர்ஸ் என்ற மூன்றை மட்டும் துணைப் பிரிவாகக் கொண்ட ஒரு தையல் ஆலை, படிமுறைக்காக மெனக்கெட்டால் பெரும்பாலும் சில காசுகள்தான் நகரும். சாய ஆலையில் நிலைமை வேறு. அங்கே நீராவியைச் சாயமும் பினிஷிங்கும் இரண்டுக்கு ஒன்று என்று பங்கிடுகின்றன. கழிவுநீரையோ பத்தொன்பதுக்கு ஒன்று என்ற அளவில் பங்கிடுகின்றன. ஒரு துணைப் பிரிவின் செலவு இன்னொன்றின் வழியாகப் போகும்போது, இரண்டுக்கு ஒன்று என்ற வாய்க்காலை விட்டுப் பத்தொன்பதுக்கு ஒன்று என்ற வாய்க்காலில் இறங்குகிறது. விடை மாறுவதற்கு அதுவே காரணம்.

படிமுறையை எக்செலில் போடும்போது அடிக்கடி நேரும் தவறு ஒன்றுண்டு. மூடிய பிரிவின் அளவை வகுக்கும் எண்ணில் விட்டுவைப்பார்கள். சுத்திகரிப்புச் செலவை 12,000 ஆல் வகுக்காமல் 12,500 ஆல் வகுத்தால், 38,10,000 ரூபாயில் 1,52,400 எங்கும் போய்ச் சேராமல் அந்தரத்தில் நின்றுவிடும். உற்பத்திப் பிரிவுகளின் கூட்டுத்தொகை 60 லட்சம் வருகிறதா என்று கடைசியில் பார்த்தால் இது உடனே பிடிபடும்.

அளவீட்டுக் குறை இதைவிடக் கடினமானது. நீராவி போகும் பெரிய குழாயில் மீட்டர் இருக்கும். இவாப்பரேட்டருக்குப் பிரியும் கிளையில் பல நேரம் இருக்காது. அந்த 500 டன் என்பது பாய்லர் ஆபரேட்டர் ஒருநாள் சொன்ன மதிப்பாக இருந்து, அப்படியே வருடக்கணக்கில் ஏட்டில் தொடரலாம். அதைச் சரிபார்க்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. இவாப்பரேட்டர் நின்ற நாட்களையும் ஓடிய நாட்களையும் லாக் புத்தகத்தில் பிரித்து, ஒரே அளவு துணி ஓடிய நாட்களாகப் பார்த்து நீராவியை ஒப்பிடலாம். வித்தியாசம்தான் இவாப்பரேட்டர் குடித்தது. அது ஏட்டு எண்ணுக்கு அருகில் வரவில்லை என்றால் பகிர்வு முறையைப் பற்றிப் பேசுவதற்கு முன் மீட்டர் வாங்குவது நல்லது.

இரண்டு முறைகளாலுமே தீராத ஒரு புகார் பினிஷிங் பிரிவிலிருந்து வரும். சாயத்துக்கு ஆர்டர் குறைந்த ஒரு மாதத்தில், சாயப் பிரிவின் நீராவி 700 டன்னாகவும் இவாப்பரேட்டரின் நீராவி 350 டன்னாகவும் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பினிஷிங் வழக்கம்போல 500 டன்தான். அந்த மாதக் கணக்கு வந்ததும் பினிஷிங் மாஸ்டர் கணக்கரிடம் வருவார்.

"ஏனுங்க, நாங்க எப்பவும் எடுக்கற நீராவிதானுங்க எடுத்தோம். எங்க கணக்குல மட்டும் எப்படிங்க முப்பதாயிரம் கூடுச்சு?"

"சாயத்துல ஓட்டம் கம்மிங்க மாஸ்டர். பாய்லர் ஆளுக்குச் சம்பளம் குறையலீங்களே."

"அதுக்கு நாங்க என்னங்க பண்றது?"

மாஸ்டர் கேட்பது சரி. பாய்லரின் 24 லட்சத்தில் 6 லட்சம் சம்பளம், தேய்மானம் போன்ற நிலைச் செலவு. மீதி 18 லட்சம் விறகு, டன்னுக்கு 900 ரூபாய். நீராவி 1,550 டன்னாக இறங்கும்போது விறகு குறையும், நிலைச் செலவு குறையாது. அது ஓடிக்கொண்டிருக்கும் பிரிவின் தலையில் ஏறும். நேரடி முறையில் பினிஷிங்கின் பாய்லர் பங்கு 8 லட்சத்திலிருந்து 8,31,250 ஆகிறது. படிமுறையிலும் ஏறத்தான் செய்கிறது. இதற்கு மருந்து முறையை மாற்றுவதில் இல்லை. நிலைச் செலவை வருடத் தொடக்கத்தில் திட்டமிட்ட அளவின்படி ஒரே முறை பிரித்து வைத்துவிட்டு, விறகை மட்டும் மாதாமாதம் பயன்பாட்டின்படி எழுத வேண்டும். அப்போது அடுத்த பிரிவின் மந்தம் மாஸ்டரின் கணக்கைத் தொடாது.

இந்த நிலை, மாறும் செலவுப் பிரிவினை பத்தேகால் ரூபாய்ப் பேரத்துக்கும் வேண்டும். வெளியார் துணி 50 டன்னை வேண்டாமென்று விட்டால், துணைப் பிரிவுகளில் உண்மையில் மிச்சமாகப் போவது பெரும்பாலும் விறகுதான். டன் துணிக்கு 2 டன் நீராவி, அதாவது கிலோவுக்கு 1 ரூபாய் 80 காசு. மீதிப் பங்கு எங்கும் போய்விடாது. சொந்தத் துணியின் மேல் ஏறி உட்காரும். மெஷின் சும்மா நிற்கும் மாதத்தில் பத்தேகால் ரூபாயை மறுப்பது எந்த முறையில் பார்த்தாலும் புத்திசாலித்தனம் ஆகாது. அதே கூலியில் வருடம் முழுவதற்கும் ஒப்பந்தம் போட்டு, அதற்காக இன்னொரு காம்பாக்டிங் மெஷின் வாங்கப் போகிறார்கள் என்றால் கதை வேறு. அங்கே முழு அடக்கம் வேண்டும், அந்த அடக்கத்தில் சாயக்கழிவின் விறகு கலந்திருக்கக் கூடாது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேரலாமா, சொந்த நிலையத்தை ஓட்டலாமா என்று யோசிக்கும்போதும் இதே எண்கள் மேசைக்கு வரும். நேரடி முறை ஏட்டைப் பார்த்தால் சொந்தச் சுத்திகரிப்பு கிலோ லிட்டருக்கு 250 ரூபாய். படிமுறையில் 317 ரூபாய் 50 காசு. வெளியே 290 கேட்டால் முதல் ஏடு வேண்டாம் என்கும், இரண்டாவது சரி என்கும். இங்கே படிமுறை உண்மைக்கு அருகில் இருக்கிறது. இவாப்பரேட்டரை நிறுத்தினால் 500 டன் நீராவிக்கான விறகு, மாதம் 4,50,000 ரூபாய், கையில் நிற்கும். ஆனால் பிட்டர்களின் 1,80,000 அப்படி நிற்காது. ஒருவரை வீட்டுக்கு அனுப்பினாலொழிய அந்தச் சம்பளம் வேறு பிரிவுக்குத்தான் நகரும். சுத்திகரிப்பு நிலையத்தின் தேய்மானமும் மெஷினை விற்காத வரை அப்படியே. படிமுறை கொடுத்த 317 ரூபாய் 50 காசை ஒரே கட்டியாக 290-உடன் ஒப்பிடாமல், அதற்குள் விறகு எவ்வளவு, ரசாயனம் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று உடைத்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும்.

இனி, சாயப் பிரிவுக்குள்ளேயே ஒரு பகிர்வு காத்திருக்கிறது. 317 ரூபாய் 50 காசு என்பது எல்லாக் கழிவுநீருக்கும் ஒரே விலை. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும்; நிறம் அடர்த்தியாக ஆக, உப்பும் கூடும். வெளிர் மஞ்சள் துணியின் கழிவுநீரும் நேவி புளூ துணியின் கழிவுநீரும் லிட்டரில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் உப்பு கூடிய தண்ணீரில் ஆர்.ஓ. சவ்வு நல்ல தண்ணீரைக் குறைவாகத்தான் மீட்கும், அதிக ரிஜெக்டைத் தள்ளும், இவாப்பரேட்டர் அதிக நேரம் காய்ச்ச வேண்டிவரும். கிலோ லிட்டர் கணக்கில் பிரிக்கும் வரை, வெளிர் நிறத் துணிக்காரர் நேவி புளூவின் உப்பை வற்றவைக்கப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதைச் சரிசெய்ய நேரடி முறையும் உதவாது, படிமுறையும் உதவாது. ஒவ்வொரு பேட்ச் கார்டிலும் போட்ட உப்பின் எடை எழுதப்பட்டிருக்கும். சுத்திகரிப்புச் செலவில் இவாப்பரேட்டரின் பங்கைத் தனியே எடுத்து, தண்ணீரின் அளவை விட்டுவிட்டு அந்த உப்பின் எடைப்படி பிரித்தால், அடர் நிறங்களுக்குக் கூலி பேச வேறு எண் கிடைக்கும்.